அப்பாவுக்கு வல்லம் இருந்தால்

ஜூலை மாதத் தேர்வுக்கு நான் எழுதிய ஒரு கேள்வி பத்தாம் வகுப்பை மூன்றாகப் பிரித்துவிட்டது. ‘இஃப்’ வாக்கியத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும் வழக்கமான கேள்விதான். பாடநூலில் மாம்பழமும் கிரிக்கெட்டும் வரும் இடத்தில், எங்கள் ஊருக்கு ஒட்டட்டுமே என்று படகைப் போட்டேன். ‘இஃப் மை ஃபாதர் ____ எ கன்ட்ரி போட், ஹி ____ டு சீ ஈவன் இன் மே.’ நிரப்ப வேண்டிய வினைகள் ‘ஹேவ்’, ‘கோ’. என் அப்பாவுக்கு வல்லம் இருந்தால் மே மாதத்திலும் கடலுக்குப் போவார், அவ்வளவுதான்.

பாம்பன் பக்கம் இருப்பவர்களுக்கு இதன் பின்னணியைச் சொல்லத் தேவையில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், நாட்டுப்படகும் வல்லமும் போகலாம். வகுப்பில் பாதிப் பேருக்கு இது வீட்டுச் சமாசாரம்.

விடைக்குறிப்பில் நான் எழுதி வைத்திருந்தது ‘இஃப்’ வாக்கியத்தின் மூன்று வகைகளில் இரண்டாம் வகை: ‘ஹேட்’, ‘வுட் கோ’. தாள்களைத் திருத்த உட்கார்ந்தால் ஒரு கூட்டம் முதல் வகையில் ‘ஹேஸ்’, ‘வில் கோ’ என்று எழுதியிருக்கிறது. இன்னொரு கூட்டம் மூன்றாம் வகையில் ‘ஹேட் ஹேட்’, ‘வுட் ஹேவ் கான்’ என்று எழுதியிருக்கிறது. இவை போக, ‘ஹேட் ஹேட்’ போட்டுவிட்டு அடுத்த கோட்டில் ‘வில் கோ’ என்று முடித்தவர்கள் ஏழெட்டுப் பேர். இந்தக் கடைசிக் கூட்டத்தை உருவாக்கியது நான்தான். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் வகையை நடத்தும்போது ஒரு குறுக்குவழி சொல்லிக்கொடுத்திருந்தேன். தமிழில் மனதுக்குள் சொல்லிப் பார், ‘இருந்தால்’ என்று வந்தால் ‘ஹேட்’டும் வினையின் மூன்றாம் வடிவமும் போடு, ‘இருப்பேன், இருப்பார்’ என்று முடிந்தால் ‘வுட் ஹேவ்’ போடு. ‘தெரிந்திருந்தால் போயிருப்பேன்’ என்ற வாக்கியத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். நான் யோசிக்காமல் விட்டது என்னவென்றால், ‘தெரிந்திருந்தால்’ என்பதில் வரும் ‘இருந்தால்’ துணைவினை, ‘வல்லம் இருந்தால்’ என்பதில் வரும் ‘இருந்தால்’ தனி வினை. பிள்ளைகள் ‘இருந்தால்’ என்ற ஒலியைக் கேட்டதும் ‘ஹேட்’ போட்டு, அடைப்பில் கொடுத்த ‘ஹேவ்’வின் மூன்றாம் வடிவத்தையும் சேர்த்து ‘ஹேட் ஹேட்’ ஆக்கினார்கள். அடுத்து ‘போவார்’. அதில் ‘இருப்பார்’ இல்லையே, அதனால் ‘வில் கோ’. சொல்லிக்கொடுத்தபடியே செய்திருக்கிறார்கள். பாதி வாக்கியம் முடிந்துபோன காலத்தில் நிற்கிறது, மறுபாதி வரப்போகும் காலத்தில் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே ‘இஃப்’ மட்டும் தனியாகத் தொங்குகிறது.

சரி, இது தெளிவான பிழை. மற்ற இரண்டு கூட்டமும்தான் சிக்கல்.

தாள் கொடுத்த அன்று கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து வந்தான். ‘ஹேஸ், வில் கோ’ எழுதி, என்னிடம் தப்பு வாங்கியவன்.

“சார், எங்கப்பாட்ட வல்லம் இருக்கு. மே மாசம் போகத்தான செய்யுறாரு? ஹேட்னு போட்டா இல்லன்னு ஆயிருமே?”

அவன் சொன்னதில் இலக்கணம் சரியாக இருந்தது. இரண்டாம் வகையில் வரும் ‘ஹேட்’ இறந்தகாலம் மாதிரி தெரிந்தாலும் காலத்தைச் சொல்வதில்லை. ‘இது உண்மை இல்லை, சும்மா நினைத்துப் பார்க்கிறேன்’ என்பதற்கான அடையாளம் அது. வல்லம் வைத்திருப்பவரின் மகன் ‘இஃப் மை ஃபாதர் ஹேட்’ என்று எழுதினால் அப்பாவின் வல்லத்தை அவனே இல்லை என்று சொன்னதாகும்.

ஆனால் அவன் எழுதிய ‘ஹேஸ்’ சரியா? அதுவும் இடிக்கிறது. முதல் வகை, இருக்கலாம் இல்லாமலும் போகலாம் என்று கதவு திறந்து கிடக்கும்போது வருவது. வெளியூரிலிருந்து வந்த மீன் வியாபாரி ஒருவர் அந்த அப்பாவைப் பற்றிப் பேசினால் ‘ஹேஸ்’ போடலாம், அவருக்கு விஷயம் தெரியாது. மகனுக்குத் தெரியும். தெரிந்த ஒன்றை ‘இருந்தால்’ என்று யாரும் சொல்வதில்லை, ‘வல்லம் இருக்கு, அதனால போறாரு’ என்றுதான் சொல்வார்கள். யோசித்துப் பார்த்தால் அவனுக்கு இந்த வாக்கியத்தில் ‘இஃப்’பே வேண்டியதில்லை. அதை அவனிடம் சொன்னபோது சிரித்தான். மதிப்பெண் கேட்டான். கொடுத்தேன்.

முன்வரிசையில் ஒரு பெண். அவள் அப்பா அடுத்தவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். அவள் ‘ஹேட், வுட் கோ’ எழுதியிருந்தாள். வல்லம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும், ஆகவே அவள் வாயில் அந்த வாக்கியம் முழுக்கச் சரி. அவர்கள் வீட்டில் வல்லம் வாங்கக் கடனுக்கு எழுதிப் போட்டிருந்தால் அப்போது முதல் வகை வந்திருக்கும். ஆனால் வினையும் மாறவேண்டும்: ‘ஹேவ்’ போய் ‘பை’ வரும், ‘இஃப் ஹி பைஸ், ஹி வில் கோ’. நான் அடைப்பில் ‘ஹேவ்’ கொடுத்தபோது, பேசுவது யார், அவருக்கு என்ன தெரியும் என்பதையும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் தமிழ் நமக்கு உதவுவதில்லை. ‘வல்லம் இருந்தால் போவார்’ என்ற ஒரே வாக்கியம் வியாபாரிக்கும் பொருந்தும், அந்தப் பெண்ணுக்கும் பொருந்தும். இருக்குமா இருக்காதா என்பதைக் குரலிலும் சூழ்நிலையிலும் வைத்துவிடுகிறோம். ஆங்கிலம் அதை வினையில் வைக்கச் சொல்கிறது. முதல் வகையும் இரண்டாம் வகையும் நம் பிள்ளைகளுக்குக் குழம்புவது இதனால்தான் என்று நினைக்கிறேன். மூன்றாம் வகை கடினம் என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். என் அனுபவத்தில் அது சுலபம், ஏனென்றால் ‘இருந்திருந்தால், போயிருப்பார்’ என்று தமிழிலேயே தனி வடிவம் இருக்கிறது. நீளமாக இருப்பதால் பயமாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

தமிழ் உதவுகிற இடமும் உண்டு. ‘நாளைக்கு’ என்ற சொல்லைப் பார்த்ததும் ‘இஃப் இட் வில் ரெயின் டுமாரோ’ என்று எழுதுகிறார்களே, அவர்களிடம் தமிழில் சொல்லச் சொல்வேன். ‘நாளைக்கு மழை பெய்தால்’. பெய்யப்போவது நாளைக்கு, ஆனாலும் ‘பெய்தால்’ என்பதில் எதிர்காலம் எங்கும் இல்லை. ஆங்கிலமும் அந்தப் பாதியில் ‘வில்’ கேட்பதில்லை, மறுபாதியில்தான் கேட்கிறது.

இனி ‘ஹேட் ஹேட், வுட் ஹேவ் கான்’ எழுதியவர்கள். அவர்களில் ஒருத்தி சொன்ன காரணம் இது: “இப்ப ஜூலை சார். மே முடிஞ்சு போச்சே.” போன தடைக்காலத்தில் அப்பா வீட்டில் இருந்ததை நினைத்து எழுதியிருக்கிறாள். அதுவும் சரியே. மூன்றாம் வகைக்கு நான் இப்போது வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். வாக்கியத்தைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். ‘வல்லம் இருந்திருந்தால் போயிருப்பார்’ என்பதைக் கவிழ்த்தால் ‘வல்லம் இல்லை, அவர் போகவில்லை’ என்று நடந்துமுடிந்த இரண்டு செய்திகள் கிடைக்க வேண்டும். கிடைத்தால் மூன்றாம் வகை. அவள் வீட்டில் இரண்டும் நடந்தவை. ஆக ஒரு கேள்விக்கு மூன்று விடை, மூன்றையும் சரியாகச் சொல்லக்கூடிய ஒருவர் இருக்கிறார். குறை கேள்வியில்தான்.

பாடநூலிலும் பழைய வினாத்தாள்களிலும் பெரும்பாலும் ஒரு பாதி கொடுக்கப்பட்டிருக்கும், மறுபாதி மட்டும் காலியாக இருக்கும். ‘வி வுட் ஹேவ் ஸ்டேட் ஹோம்’ என்று முடிவு கொடுத்திருந்தால் ‘இஃப்’ பாதி பெரும்பாலும் ‘ஹேட்’டும் மூன்றாம் வடிவமும்தான். அதனால் கோட்டைப் பார்க்காதே, கொடுத்த பாதியின் வினையை முதலில் பார் என்று சொல்லிவைத்திருந்தேன். இந்த அறிவுரை இன்றும் பிழையில்லை. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதைத் தனுஷ்கோடி காட்டியது.

1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவில் அடித்த புயலைப் பற்றி இந்தத் தீவில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலை அலை அடித்துக்கொண்டு போனது, ஊர் அழிந்தது, மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. நான் கொடுத்த வாக்கியத்தின் முதல் பாதி, ‘இஃப் தி சைக்ளோன் ஹேட் நாட் கம் இன் 1964’. மறுபாதியைச் சொந்தமாக எழுதச் சொல்லியிருந்தேன். விடைக்குறிப்பில் ‘வுட் ஹேவ்’ என்று தொடங்கும் எதுவும் ஏற்கப்படும் என்று குறித்திருந்தேன்.

ஒரு பையன் எழுதியது: ‘தனுஷ்கோடி வுட் பீ எ பிக் டவுன் நவ்.’

சிவப்பு மையால் ‘ஹேவ்’ சேர்க்கப் போன கை நின்றது. சேர்த்தால் ‘வுட் ஹேவ் பீன் எ பிக் டவுன் நவ்’ என்று ஆகும், அது ‘இப்போது’ என்ற சொல்லோடு ஒட்டாது. அவன் சொல்ல வந்ததைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். ‘புயல் அடிக்காமல் இருந்திருந்தால் தனுஷ்கோடி இப்போது பெரிய ஊராக இருக்கும்.’ இருந்திருக்கும் இல்லை, இருக்கும். காரணம் 1964-இல் முடிந்துபோனது, ஊர் இல்லாத வெறுமை இன்றும் கண்முன் கிடக்கிறது. முதல் பாதி மூன்றாம் வகையிலும் மறுபாதி இரண்டாம் வகையிலும் நிற்பதுதான் இங்கே முறை. கலப்பு வகை என்று இலக்கணத்தில் இதற்குப் பெயரே உண்டு. நான் வகுப்பில் அதைத் தொட்டதில்லை. மூன்று வகைகளைப் பெட்டி போட்டுக் கரும்பலகையில் எழுதி, ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாதே என்று சொல்லியிருந்தேன். ‘ஹேட் ஹேட்’ போட்டு ‘வில் கோ’ என்று முடித்தவர்களும் தாவியவர்கள்தான், இவனும் தாவியவன்தான். வித்தியாசம், இவன் இரண்டு பாதிக்கும் தனித்தனியே ‘எப்போது’ என்று கேட்டிருக்கிறான். அவர்கள் ‘இருந்தால்’ என்ற ஒலியை மட்டும் கேட்டார்கள்.

அவனுக்கு முழு மதிப்பெண் போட்டேன். ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது, “பொதுத்தேர்வுல திருத்துறவுக இப்படி யோசிப்பாகளா? விடைக்குறிப்புல இல்லாதத எழுதச் சொல்லிக் குடுக்காதீக” என்றார் இருபது வருட அனுபவமுள்ள இன்னொரு ஆசிரியர். அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. அதனால் அந்தப் பையனிடம், ‘நவ்’ என்ற சொல்லை விட்டுவிடாதே, அது இருந்தால்தான் உன் விடை நிற்கும் என்று சொல்லியிருக்கிறேன்.

கேள்வி எழுதும் முறையை மாற்றிக்கொண்டேன். இரண்டு கோடும் காலியாக இருந்தால் முன்னால் ஒரு வரி சேர்க்கிறேன். ‘என் அப்பாவிடம் வல்லம் இல்லை’ என்று அந்த வரி சொன்னால் விடை ஒன்றுதான். போன வாரம் அதே வாக்கியத்தை அந்த வரியோடு மறுபடி கொடுத்தேன். கடைசி வரிசைப் பையன் கையைத் தூக்கினான்.

“சார், எங்கப்பாட்ட இருக்கு சார்.”

“தெரியும்டா. இது வேற அப்பா” என்றேன்.