கரைவலை கேமுக்கு ஒரு பக்க வடிவமைப்பு ஆவணம்: மூன்று வரைவுகளின் பதிவு

தனியாக முதல் கேம் செய்பவருக்கு வடிவமைப்பு ஆவணமாக ஒரு பக்கம் போதும். அந்தப் பக்கம் எதற்கு உதவும் என்பதை ஓர் உதாரணத்தோடு பதிவு செய்கிறோம். எடுத்துக்கொண்டது கரைவலை. திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடியப்புறம் போனவர்களுக்குத் தெரியும்: வள்ளம் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வரும், கரையில் இரண்டு அணி இரண்டு கயிற்றையும் இழுக்கும். ஒரு பக்கம் முந்தினால் வலை சரியும், மீன் தப்பும். கேமுக்கு வேண்டிய முரண் அதிலேயே இருக்கிறது.

முதல் வரி இப்படி: "போனின் இடப்பாதியையும் வலப்பாதியையும் தட்டி இரண்டு கயிறுகளையும் சமமாக இழுத்து, 60 செக்கனுக்குள் குறைந்தது 20 மீனோடு வலையின் மடியைக் கரைசேர்க்க வேண்டும்." விரல் செய்வது, நேரம், வெற்றி மூன்றும் இந்த வரியில் இருக்கின்றன. மீனவர் குடும்பக் கதை, ஊர் வரலாறு எல்லாம் இங்கே வராது. கதையில் தொடங்கும் ஆவணம் நாலு பக்கம் ஓடும், ஆனால் எதைத் தட்டினால் என்ன நடக்கும் என்பது அதில் கடைசிவரை இருக்காது.

அடுத்தது விதிகள். இதில் பெயரடைக்கு இடமில்லை. "வேகமாக இழுக்க வேண்டும்" என்று எழுதினால் கோட் எழுதும் நாளில் அந்த "வேகம்" எவ்வளவு என்று மறுபடி உட்கார்ந்து யோசிக்க வேண்டும். முதல் வரைவின் எண்கள்: ஒவ்வொரு கயிறும் 100 அலகு. ஒரு தட்டலுக்கு 1 அலகு. தொடக்கத்தில் 40 மீன். இரு கயிறுகளின் வித்தியாசம் 8 அலகைத் தாண்டினால், தாண்டியிருக்கும்வரை அரைச் செக்கனுக்கு ஒரு மீன் தப்பும்.

எழுதிய உடனே கோட்டுக்குப் போகாமல், கட்டக் கொப்பியில் மூன்று விதமான ஆட்களை விளையாடவைத்துப் பார்க்க வேண்டும்: ஒரு பக்கத்தை மட்டும் தட்டுபவர், யோசிக்காமல் இடம் வலம் என்று மாறி மாறித் தட்டுபவர், கவனித்து விளையாடுபவர். ஆறுதலான வேகத்துக்குச் செக்கனுக்கு 2.5 தட்டல் என்று வைத்துக்கொள்ளலாம். மேசையில் விரலால் ஒரு நிமிடம் தட்டிப் பார்த்தால் உங்கள் எண் கிடைக்கும்.

முதல் வரைவு அங்கேயே விழுந்தது. மாறி மாறித் தட்டுபவருக்கு வித்தியாசம் ஒருபோதும் 1ஐத் தாண்டாது, ஒரு மீனும் தப்பாது. யோசிக்க எதுவுமில்லை. போதாததற்கு 200 அலகுக்கு 200 தட்டல், அதாவது 80 செக்கன். எல்லோரும் பிழையில்லாமல் விளையாடி எல்லோரும் தோற்கிறார்கள்!

இரண்டாம் வரைவில் நீரோட்டம் வந்தது. ஏறத்தாழ 6 செக்கனுக்கு ஒருமுறை ஓட்டம் பக்கம் மாறும். ஓட்டம் தள்ளும் பக்கத்துக் கயிறு கனக்கும், தட்டலுக்கு 1 அலகுதான் வரும். இலேசான பக்கத்தில் 2 அலகு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. கொப்பியில் போட்டால், மாறி மாறித் தட்டுபவருக்கு இரண்டு தட்டலுக்கு 1 அலகுதான் வித்தியாசம் கூடுகிறது. 6 செக்கனில் 15 தட்டல், வித்தியாசம் சுமார் 7.5. எல்லையான 8ஐத் தாண்டி மீன் தப்புவதற்குள் ஓட்டம் மாறி அதுவே சரியாகிவிடுகிறது. புது விதி சேர்த்தும் பழைய ஓட்டை அப்படியே. இதைக் கோட் எழுதிய பிறகு கண்டுபிடித்தால், "ஏதோ சுவாரசியம் இல்லை" என்று மட்டும்தான் தோன்றும். காரணம் பிடிபடாது, படத்தையும் சத்தத்தையும் மாற்றிக்கொண்டிருப்போம்.

மூன்றாம் வரைவில் இலேசான பக்கம் 3 அலகு ஆனது. இப்போது மாறி மாறித் தட்டினால் 3 செக்கன் சொச்சத்தில் எல்லை தாண்டும். 40 செக்கனில் கரை சேர்வார், ஆனால் ஏறக்குறைய 35 மீன் போயிருக்கும். கவனித்து விளையாடுபவர் கனத்த பக்கம் மூன்று, இலேசான பக்கம் ஒன்று என்று தட்டினால் 4 தட்டலுக்கு 6 அலகு. மொத்தம் சுமார் 133 தட்டல், 53 செக்கன். கைவசம் 7 செக்கன் மிச்சம். இன்னும் கெட்டிக்காரர், ஓட்டம் மாறியதும் முதலில் இலேசான பக்கத்தை எல்லைவரை இழுத்துவிட்டு, பிறகு கனத்ததுக்குப் போவார். இந்தத் தெரிவுதான் கேம். ஒரு பக்கத்தை மட்டும் தட்டுபவருக்கு மடி வெறுமையாகத்தான் வரும்.

நாலாவது ஆள் ஒருவரும் உண்டு. அவரை மறப்பது வழக்கம்: கண்ணை மூடிக்கொண்டு மாறி மாறிச் செக்கனுக்கு 8 தடவை அடிப்பவர். அவர் 12.5 செக்கனில் முடித்துவிடுகிறார். தப்பும் மீன் நேரத்தைப் பொறுத்தது என்பதால் 20 மீன்தான் போகிறது, மிச்சம் 20. வென்றுவிட்டார். ஆகவே ஒரு விதி கூடியது: இரண்டு தட்டலுக்கு இடையில் குறைந்தது 0.25 செக்கன். அப்போது எண்ணப்படும் தட்டல்கள் இடம் வலம் என்று மாறி மாறி விழுந்தாலும் அவருக்கு 25 செக்கன் பிடிக்கும், கையில் 8 மீன்தான் மிஞ்சும். ஆனால் எண்ணப்படாத தட்டல் பட்டன் பழுது போலத் தெரியும். அதனால் அந்தக் கால் செக்கனுக்கு இழுப்பவரின் கை இழுத்த நிலையிலேயே நிற்க வேண்டும் என்பதையும் பக்கத்தில் எழுதிவிட வேண்டும்.

எண்களுக்கு ஆவணத்தில் வைத்த பெயரே கோட்டிலும் இருக்கட்டும். இது Godot என்ற கேம் என்ஜினில்:

```gdscript
const ROPE_LEN = 100
const PULL_LIGHT = 3
const PULL_HEAVY = 1
const TILT_LIMIT = 8
const TAP_GAP = 0.25
const FISH_START = 40
const FISH_WIN = 20
const ROUND_SEC = 60
```

ஓர் எண் மாறினால் இரண்டு இடத்திலும் அன்றே மாற்றுங்கள். தவறினால் ஒரு கிழமையில் ஆவணம் வேறு கேமைப் பற்றிப் பேசும்.

திரைக்கு ஒரு சின்னக் கணக்கு. நெட்டாக 360×640. ஓர் அலகுக்கு 4 பிக்சல் என்றால் கயிறு 400 பிக்சல், மீதி 240 கரைக்கும் மேலே மீன் எண்ணிக்கைக்கும். எல்லையில் சரிவு 32 பிக்சல், கண்ணுக்குத் தெரியும். விளையாடிப் பார்ப்பவர் "மீன் ஏன் போகுது?" என்று கேட்டால் சரிவு போதிய அளவு தெரியவில்லை என்று அர்த்தம். அப்போது விதியில் கை வைக்காமல் படத்தைத் திருத்துங்கள். ஓட்டம் மாறுவதற்கு ஒரு செக்கன் முன்பே மிதவைகள் ஓட்டம் மாறப்போகும் பக்கம் சாய வேண்டும், இல்லாவிட்டால் அது அதிர்ஷ்டக் கேமாகிவிடும்.

வரைய வேண்டியவை: கரை 1, வலை 1, மிதவை 1, மீன் 1, இழுப்பவர் 2 நிலை. கயிறு வெறும் கோடு. சத்தம் மூன்று: இழுப்பு, மீன் தப்புதல், முடிவு. திரைகளும் மூன்றே: தொடக்கம், ஆட்டம், முடிவு.

கடைசிப் பகுதிக்கு "இதில் இல்லை" என்று தலைப்பு. மீன் ஏலம், சம்மாட்டியாரிடம் கடன், புது வலை வாங்குவது, மழை, மூதூர்ப் பக்கம் இன்னொரு கட்டம், எதுவும் இல்லை. பிரெட்ரிக் கோட்டை மான் ஒன்று பின்னால் நடந்து போனால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் நடக்கும் மானுக்குக் குறைந்தது நாலு படம் வேண்டும், அது இழுப்பவருக்கு வரைவதைப்போல் இரண்டு மடங்கு. மானும் இந்தப் பட்டியலில்தான். புது யோசனை வரும்போது அழிக்காமல் இங்கே ஒரு வரி எழுதிவைத்தால், "மறந்துவிடுமோ" என்ற பயத்தில் அதை உடனே கோட்டில் திணிக்கும் ஆசை அடங்கும்.

கட்டும் வரிசை: முதல் நாள் இரண்டு செவ்வகமும் ஒரு கோடும், வித்தியாசம் எண்ணாகத் திரையில். இரண்டாம் நாள் நீரோட்டமும் மீன் கணக்கும். மேலே சொன்ன நாலு ஆட்களாகவும் விளையாடிப் பார்த்து, கொப்பியில் வந்த முடிவு திரையிலும் வந்த பிறகே முதல் படம் வரையப்படும்.