காருக்கு அடியில் புதுக் கறுப்புப் பூச்சு இருந்தால்

கடலுக்குப் பக்கத்து ஊரில் இருந்துகொண்டு பழைய கார் தேடியபோது, இரண்டு கார்களை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தேன். முதல் காரின் அடிப்பக்கம் ஒரு பொட்டுத் துருகூட இல்லாமல் கறுகறுவென்று இருந்தது. இரண்டாவது காரில் பார்த்த இடமெல்லாம் பழுப்பு. கடைசியில் நான் வாங்கியது இரண்டாவதைத்தான்.

முதல் கார் ஏழு வருடம் ஓடியது. உரிமையாளர் வீடு கடற்கரையிலிருந்து இரண்டே தெரு தள்ளி. காரை எப்போதும் வெளியில்தான் நிறுத்துவாராம். மேல் பெயிண்ட் நன்றாகவே இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணன், "மேலே எதையும் பார்க்காதே தம்பி, கதவைத் திறந்து கீழ் விளிம்பை மட்டும் தடவிப் பார்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். கதவின் வெளித்தகடு அடியில் மடிந்து உள்தகட்டைப் பிடித்துக்கொள்ளும் இடம் அது. அந்த மடிப்புக்குள் தண்ணீர் போனால் சீக்கிரம் காயாது. பின்கதவில் விரலை ஓட்டியபோது மூன்று இடங்களில் பெயிண்ட் சின்னக் கொப்புளமாகப் புடைத்திருந்தது. இரும்பு துருவாக மாறும்போது முன்பிருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பெயிண்ட் புடைக்கிறது. கண்ணுக்கு ஒரு காசு அளவு கொப்புளம் தெரிகிறது என்றால், உள்ளே அரித்திருப்பது அதைவிடப் பெரிய இடமாகத்தான் இருக்கும்.

அப்புறம் முன்சீட்டுக்குக் கீழே தரைவிரிப்பை உள்ளங்கையால் அழுத்தினேன். டிரைவர் பக்கம் காய்ந்திருந்தது, மறுபக்கம் ஈரம். அன்றைக்கு மழை இல்லை. ஏசியிலிருந்து வடியும் தண்ணீர் வெளியே போகும் குழாய் அடைத்துக்கொண்டால், அது காருக்குள்ளேயே வடியும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த ஊரில் ஏசி நிறையத் தண்ணீரை வடிக்கும். விரிப்புக்கு அடியில் இருக்கும் பஞ்சு அதை உறிஞ்சி வைத்துக்கொள்ள, தரைத்தகடு மேலிருந்து கீழாக அரிக்க ஆரம்பிக்கும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிப் பார்த்தபோது அந்தக் குழியிலும் தண்ணீர் தேங்கி வற்றிய பழுப்புக் கோடு இருந்தது.

இவ்வளவையும் பார்த்த பிறகும் எனக்கு அந்தக் காரின் மேல் ஆசை போகவில்லை. "போன மாதம்தான் அடியில் கோட்டிங் அடித்தேன், இனி துருப் பயமே இல்லை" என்று உரிமையாளர் சொன்னார். அதை நம்பவே எனக்கும் விருப்பம். சரி, லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிடலாம் என்று அவர் சம்மதத்தோடு அண்ணனின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனோம்.

அண்ணன் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு முதலில் காட்டியது, பூச்சு எங்கெல்லாம் படிந்திருந்தது என்பதை. சைலன்சர் குழாயின் மேல், சஸ்பென்ஷன் ரப்பர் புஷ்களின் மேல், போல்ட்டுத் தலைகளின் மேல், பிரேக் குழாயின் மேல், எல்லாவற்றிலும் ஒரே கறுப்பு. கம்பெனியில் வரும் பூச்சு இப்படி இருக்காது. தகடுகள் சேரும் இடங்களில் அடைப்புப் பசை கோடு கோடாகத் தெரியும், போல்ட்டும் ரப்பரும் தனித்தனியாகத் தெரியும். எதையும் கழற்றாமல், மறைக்காமல், அவசரத்தில் ஸ்ப்ரே அடித்தால்தான் எல்லாம் ஒரே நிறமாகும். "கழுவிக் காயவைத்து, துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு அடித்திருந்தால் நல்லதுதான். துருவின் மேலேயே அடித்திருந்தால், அதைப் போர்வை போட்டு வளர்த்த மாதிரி" என்றார்.

எது நடந்திருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவர் ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடியால் தட்டிக்கொண்டே வந்தார். கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை நீளமாக ஒரு பெட்டி போன்ற பகுதி ஓடும். அவர் அதை ரன்னிங் போர்டு என்பார். முன்பக்கம் தட்டியபோது டங், டங் என்று தகரச் சத்தம் கேட்டது. பின்சக்கரத்துக்கு முன்னால், ஜாக்கி வைக்கும் இடத்துக்கு வந்ததும் சத்தம் மாறியது. ஈர அட்டையைத் தட்டிய மாதிரி மொத்தென்று கேட்டது. உரிமையாளரைப் பார்த்து, "குத்திப் பார்க்கட்டுமா சார்?" என்று கேட்டார். அவர் தலையசைத்ததும் முனையை வைத்து லேசாக அழுத்தினார். பூச்சு பிளந்து முனை உள்ளே போனது. வெளியே இழுத்தபோது அடுக்கடுக்காகத் துருச் செதில் கொட்டியது. கூடவே கொஞ்சம் தண்ணீரும் சொட்டியது.

அந்தத் தண்ணீர்தான் எனக்குப் புரியாமல் இருந்தது. மூடிய பெட்டிக்குள் அது எப்படி வந்தது? அது மூடிய பெட்டியே இல்லை என்று அண்ணன் விளக்கினார். தகடுகளின் இணைப்புகள் வழியாக அதற்குள் எப்படியும் நீர் கசியும். உள்ளேயே வேர்வை மாதிரி ஈரமும் பூக்கும். அது வடிந்து போகத்தான் அடியில் சிறு துளைகள் வைத்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் விரலால் தடவி அந்தத் துளை இருக்க வேண்டிய இடத்தைக் காட்டினார். துளை இல்லை; பூச்சு அடைத்திருந்தது. துருவைத் தடுக்க என்று அடித்த பூச்சே தண்ணீரை உள்ளே பூட்டி வைத்துவிட்டது.

இதில் கடலோரக் காற்று என்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அலை சிதறும்போது கிளம்பும் நுண்ணிய உப்புத் துளிகள் காற்றோடு வந்து இந்தப் பெட்டிகளுக்குள்ளும் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால், சமையல் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையும். கடலோர ஊரில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டிவிடும். அதனால் மழையே பெய்யாத மாதத்திலும் தகட்டின் மேல் ஓர் உப்புநீர்ப் படலம் ராத்திரிதோறும் உருவாகிறது. மேல் பெயிண்டில் படியும் உப்பை மழை கழுவிவிடும். உள்ளறைகளில் படிந்த உப்பைக் கழுவ யார் வருவார்கள்? அது அங்கேயே இருந்து, ஒவ்வொரு ராத்திரியும் மறுபடி ஈரமாகும்.

ஓட்டை விழுந்த இடத்தில் தகடு வைத்துப் பற்றவைத்தால் போதாதா என்று கேட்டேன். லாரி போல இந்தக் கார்களுக்கு அடியில் தனியாக இரும்புச் சட்டகம் கிடையாது, உடம்பேதான் சட்டகம் என்றார் அண்ணன். பக்கத்திலிருந்து இன்னொரு வண்டி மோதினால் விசையைத் தாங்குவதில் இந்தப் பெட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. வெளியே தெரியும் தகடு ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இருக்காது. அது ஓட்டையாகியிருந்தால், உள்ளே இருக்கும் வலுத்தகட்டின் கதி என்ன என்று பெட்டியை வெட்டிப் பார்க்காமல் சொல்ல முடியாது. மேலே ஒரு ஒட்டுத் தகடு வைத்தால் பார்வைக்குச் சரியாகும், வலு வராது. உரிமையாளர் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் மறைக்கவில்லை, அவருக்கே தெரிந்திருக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவர் போன இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஓட்டியிருக்கேனே" என்றார்.

இரண்டாவது கார் ஒன்பது வருடம் ஆனது. ஊருக்குள் தள்ளி, கூரைக்குக் கீழே நின்ற வண்டி. லிஃப்டில் ஏற்றியதும் எனக்குப் பகீரென்றது. சைலன்சர் குழாய் பழுப்பு, பின் ஆக்ஸில் பழுப்பு, போல்ட்டெல்லாம் பழுப்பு. அண்ணன் அலட்டிக்கொள்ளவில்லை. கம்பி பிரஷ்ஷால் ஆக்ஸிலை நாலு தேய்ப்புத் தேய்த்தார். பழுப்புத் தூள் உதிர்ந்து அடியில் இரும்பு வழவழப்பாக, குழியில்லாமல் தெரிந்தது. தடித்த இரும்பில் மேலோடு பிடிக்கும் இந்தத் துரு பல வருடம் இப்படியே இருக்கும். தூளாக வந்தால் கவலைப்படாதே, செதிலாகவோ அடுக்காகவோ பெயர்ந்தால் பயப்படு என்பது அவர் கணக்கு. தட்டிக்கொண்டே போனார், ரன்னிங் போர்டு இரண்டு பக்கமும் கடைசி வரை டங்கென்றே ஒலித்தது. வடிதுளைகள் திறந்திருந்தன, ஒன்றில் மட்டும் மண் அடைத்திருந்தது. ஒரு ரப்பர் மூடியைக் கழற்றி, போனில் மாட்டும் குழாய் கேமராவை உள்ளே விட்டோம். இணைப்புகளின் ஓரத்தில் மெல்லிய பழுப்பு இருந்தது, மற்ற இடத்தில் கம்பெனிப் பூச்சு அப்படியே இருந்தது. ஒரு வண்டியில் இதைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். வெளியிலிருந்து தட்டிக் கேட்பது ஊகம்தான். கேமராவில் நேரடியாகவே தெரிந்துவிடுகிறது.

குறை இல்லாமல் இல்லை. பின்சக்கர வளைவின் உதட்டில் ஒரு கொப்புளம் இருந்தது. காந்தம் அங்கே நன்றாகவே ஒட்டியது, அதனால் பட்டி வைத்து மூடவில்லை என்று தெரிந்தது. அண்ணனை யோசிக்க வைத்தது பிரேக் குழாய்தான். அந்த மெல்லிய இரும்புக் குழாயை அடித்தகட்டோடு பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளுக்குள் உப்பு மண் சேர்ந்துகொள்ளும். கிளிப்பைத் திறந்தபோது இரண்டு இடத்தில் குழாய் சொரசொரப்பாகப் புடைத்திருந்தது. சாதாரணமாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது, அவசரமாக பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்கும்போதுதான் உள்ளே அழுத்தம் ஏறி அந்த இடம் வெடிக்கும். பிரேக் குழாயை மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ள இந்தக் காரை விற்றவர் சம்மதித்த பிறகே முன்பணம் கொடுத்தேன். குழாய் மாற்றி முடிக்கும்வரை வண்டியை ஒர்க்‌ஷாப்பிலிருந்து வெளியே எடுக்கவில்லை.

வாங்கிய வாரமே அடியை நல்ல தண்ணீரில் கழுவி, அடைத்திருந்த வடிதுளையைக் கம்பியால் குத்தித் திறந்தோம். இரண்டு நாள் வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகு, ரன்னிங் போர்டுக்குள்ளும் கதவுகளுக்குள்ளும் நீளக் குழாய் முனை வைத்த மெழுகு ஸ்ப்ரே அடித்தோம். இந்த மெழுகு இறுகிப் போகாமல் பிசுபிசுப்பாகவே இருக்கும், மெல்ல ஊர்ந்து இணைப்புகளுக்குள் இறங்கும். உபரியாக வடிந்தது துளைகளை அடைத்துவிடாமல் மறுநாள் மறுபடியும் கம்பி விட்டுப் பார்த்தோம். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை லிஃப்டில் ஏற்றினோம். அண்ணன் அதே ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியை எடுத்து முன்சக்கரத்திலிருந்து தட்டிக்கொண்டு வந்தார். பின்சக்கரம் வரை சத்தம் மாறவில்லை.