600 வைக்கலாமா, 400 போதுமா?

பழைய கையெழுத்துப் பிரதிய ஸ்கேன் பண்ண உக்காந்தா முதல்ல வர்ற பஞ்சாயத்தே ரெசல்யூஷன்தான், அதாவது ஒரு அங்குலத்துக்கு எத்தனை பிக்சல், 400ஆ 600ஆங்கறது. "அதிகமாவே வச்சிடுங்க, பின்னாடி குறைச்சுக்கலாம்"னு ஒருத்தராவது சொல்வார். நியாயம் இல்லாம இல்ல, நொறுங்குற தாள திரும்பத் திரும்ப எடுத்து கண்ணாடில வைக்க முடியாது. ஆனா அந்த அதிகத்துக்கு என்ன விலைன்னு கேட்டா பதில் வராது.

ஏ4 அளவு பக்கம், 24 பிட் கலர், கம்ப்ரஸ் பண்ணாத TIFF ஃபைல்னு வச்சுப்போம். 300ல ஒரு பக்கம் சுமார் 26 எம்பி, 400ல 46, 600ல 104. நீளம் அகலம் ரெண்டுமே கூடுறதால ரெசல்யூஷன் ரெண்டு மடங்கானா ஃபைல் நாலு மடங்காயிடும். எங்க கைல இருந்தது ஏறக்குறைய 20,000 பக்கம், 600ல எடுத்தா 2.1 டிபி, 400ல 930 ஜிபி கிட்ட. மூணு காப்பி வைக்கணும்னா அதையும் மூணால பெருக்கிக்கங்க.

டிஸ்க் செலவ கூட ஏதோ சமாளிச்சிடலாம், எனக்கு உறுத்துனது பேக்கப் நேரம்தான். பக்கத்துல இருக்கற டிஸ்க்குக்கு செகண்டுக்கு 100 எம்பி போனாலும் 2.1 டிபிக்கு 6 மணி நேரம் ஆகும், சரியா போய்ச் சேந்துதான்னு செக்சம் பாக்க மறுபடி முழுசா படிக்கணும், அதுக்கு இன்னொரு 6. வேற இடத்துல வைக்கிற காப்பிய செகண்டுக்கு 50 மெகாபிட் போற லைன்ல ஏத்தினா 600 செட்டுக்கு நிக்காம ஓடினாலே கிட்டத்தட்ட 4 நாள், 400 செட்டுக்கு 41 மணி நேரம். அதாவது வெள்ளி சாயங்காலம் போட்டா 400 திங்கள் காலைக்குள்ள முடிஞ்சிடும், 600 முடியாது, வேலை நாள்ல லைன அடைச்சிக்கிட்டு கிடக்கும். ஏதாவது போயிடுச்சுன்னு திரும்ப இறக்கறதுக்கும் இதே மாதிரி நேரம் ஆகும், அத யாரும் யோசிக்கிறதே இல்ல.

சரி, 400 போதுமான்னு எப்படி முடிவு பண்றது? கண்ணால பாத்து "நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்றதுல எனக்கு நம்பிக்கை இல்ல. அந்தக் கட்டுலயே இருக்கற மெலிசான கோட்ட லென்ஸ் வச்சு அளந்தேன். முக்கிய எழுத்தோட மெலிசான இழுப்பு 0.2 மி.மீ. இருந்துச்சு. 400ல ஒரு பிக்சல் 0.064 மி.மீ., அப்ப கோட்டுக்கு குறுக்க 3 பிக்சல் விழும், எழுத்து உடையாது. ஆனா சில பக்கத்துல ஓரத்துல வேற ஒருத்தர் பொடிப்பொடியா குறிப்பு எழுதியிருந்தார், அது 0.1 மி.மீ. தான். 400ல ஒன்றரை பிக்சல், 600லயே ரெண்டே கால் சொச்சம்தான்.

கணக்க மட்டும் நம்பாம, 600ல எடுத்த பக்கத்த 400க்கு குறைச்சு மறுபடி அந்த 600 படத்தோட பழைய அளவான 4962x7014 பிக்சலுக்கு ஏத்தி, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்த மட்டும் படமா எடுத்துப் பாத்தேன்:

```
magick p600.tif -resize 66.667% p400.tif
magick p400.tif -resize '4962x7014!' back.tif
magick p600.tif back.tif -compose difference -composite -evaluate multiply 8 diff.tif
```

இந்த diff.tif படத்துல தெரியறதுதான் 400க்கு போனா நாம இழக்கறது. முக்கிய எழுத்து இருக்கற இடத்துல தாளோட நார், சென்சார் இரைச்சல், அங்கங்க லேசா ஓரக்கோடு, அவ்வளவுதான். ஓரக்குறிப்பு இருக்கற இடத்துல மட்டும் எழுத்தோட உருவமே வாசிக்கிற அளவுக்கு தெரிஞ்சுது, அப்ப அங்க 400 பத்தாது.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, 600 படமே ஃபோகஸ் இல்லாம மங்கலா இருந்தாலும் வித்தியாசப் படம் சுத்தமாதான் வரும், ஏன்னா இழக்க அங்க ஒண்ணுமே இல்ல. அதனால முதல்ல 600 படத்த 100 சதவீதத்துல திறந்து தாள் நார் கூர்மையா தெரியுதான்னு பாத்துடுங்க. தைச்ச நோட்டுல நடு மடிப்பு கண்ணாடிய விட்டு தூக்கி நிக்கும், அங்க ரெசல்யூஷன ஏத்தி பிரயோஜனமே இல்ல, மங்கலதான் பெரிய ஃபைலா சேமிப்போம்.

கடைசியா எல்லாத்தையும் 400, ஓரக்குறிப்பு உள்ள பக்கத்த மட்டும் 600னு வச்சோம், ஃபைல் பேர்லயே எதுன்னு தெரியற மாதிரி. யாரோ ஒருத்தர் தாள் நாரையே ஆராயணும்னு வந்தா எங்க 400 அவருக்கு உதவாதுதான், அவர் கேட்கிற பக்கத்த மட்டும் தனியா எடுத்துக் கொடுத்துக்கலாம்னு விட்டுட்டோம். படிக்கிறவங்களுக்கு ஜேபெக் தனியா போட்டோம், அதுல கலர் விவரத்த குறைச்சு சேமிக்கிற சப்சாம்பிளிங்க நிறுத்திட்டுதான் போட்டோம், இல்லன்னா சிவப்பு மசில எழுதின மெலிசான வரி சுத்தி கலங்கிடுது.