47 மதிப்பெண்ணும் தேர்ச்சிதான்: ஜே.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுக் கட்டணத்தைத் திரும்பப் பெற்ற அனுபவம்

குடியாத்தத்தில் ஒரு வங்கிக் கிளையில் பணிபுரிகிறேன். வங்கி ஊழியர்களுக்கான ஜே.ஏ.ஐ.ஐ.பி. தேர்வில் தேறினால் கட்டணத்தைத் திருப்பித் தருவதாக எங்கள் வங்கியின் பயிற்சிக் கொள்கை சொல்கிறது. தேறியும்கூட அந்தப் பணத்தைப் பெற நான் பட்ட பாடு வேறு யாருக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தேர்வுக்கு விண்ணப்பித்தது, வேலூரில் எழுதியது, முடிவு வந்தது எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. நான்கு தாள்களையும் ஒரே முயற்சியில் எழுதினேன். பொருளாதாரத் தாளில் 56, வங்கியியல் கோட்பாடுகளில் 58, கணக்கியலில் 47, சில்லறை வங்கியியலில் 55 என மொத்தம் 400க்கு 216, அதாவது 54 விழுக்காடு கிடைத்தது. மதிப்பெண் பட்டியலையும் பணம் கட்டிய ரசீதையும் இணைத்து, மனிதவள இணையதளத்தில் கோரிக்கையைப் பதிவு செய்தேன்.

சில நாட்களில் கோரிக்கை திரும்பி வந்தது. "ஒரு தாளில் தேர்ச்சி இல்லை" என்பதைத் தவிர வேறு விளக்கம் அதில் இல்லை. தொலைபேசியில் யாரும் எடுக்காததால், விடுப்பு போட்டுவிட்டு, பள்ளிகொண்டா வழியாகப் பேருந்தில் வேலூருக்குப் போய், மண்டல அலுவலகத்தில் அந்தப் பிரிவைப் பார்க்கும் எழுத்தரிடம் கேட்டேன். பட்டியலைத் திரும்பிப் பார்க்கக்கூட அவருக்கு மனமில்லை. "ஒவ்வொரு தாளிலும் 50 வேணும் மேடம், உங்களுக்கு 47தான் இருக்கு, அடுத்த முறை எழுதிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு நாள் விடுப்பு வீணானது ஒருபுறம் இருக்க, தேறிய தேர்வில் தேறவில்லை என்று சொல்லப்பட்டதுதான் என்னை அதிகம் வருத்தியது.

அவர் சொன்னது விதியின் பாதி மட்டுமே. ஒவ்வொரு தாளிலும் 100க்கு 50 எடுக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால், ஒரே முயற்சியில் எல்லாத் தாள்களையும் எழுதி, ஒவ்வொன்றிலும் குறைந்தது 45 எடுத்து, மொத்தத்தில் 50 விழுக்காடு பெற்றவரும் தேர்வை முடித்தவராகவே அறிவிக்கப்படுவார் என்று தேர்வை நடத்தும் ஐ.ஐ.பி.எஃப். அமைப்பின் விதிமுறைகளிலேயே இருக்கிறது. என் 47 இந்த விதியில் அடங்குகிறது.

எனவே மறுபடியும் கோரிக்கை பதிவு செய்தபோது மதிப்பெண் பட்டியலை மட்டும் நம்பவில்லை. மின்னஞ்சலில் வந்த தேர்ச்சிச் சான்றிதழை முதல் இணைப்பாக வைத்தேன். தாள்வாரியான எண்களைப் பார்த்து முடிவு செய்பவருக்கு, அமைப்பே தேர்ச்சி என்று அறிவித்த ஆவணம் முதலில் கண்ணில் பட வேண்டும். அடுத்து, விதிமுறைப் பக்கத்தில் 45 மதிப்பெண் பற்றிய வரியைக் கோடிட்டு இணைத்தேன். குறிப்புப் பெட்டியில் நான்கு மதிப்பெண்களையும் கூட்டி, 216, 54 விழுக்காடு, ஒரே முயற்சி என்று எழுதினேன். இம்முறை கேள்வியே வரவில்லை.

ரசீது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பணம் பிடிக்கப்பட்டதாகக் கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியைப் படம் பிடித்து இணைத்தால் ஏற்க மாட்டார்கள். ஐ.ஐ.பி.எஃப். உறுப்பினர் எண்ணும் கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் தனித்தனியே காட்டும் விலைப்பட்டியல் வேண்டும். நான் கட்டியது 4,720 ரூபாய். அதில் 4,000 கட்டணம், 720 வரி. எங்கள் கொள்கையில் "செலுத்திய தேர்வுக் கட்டணம்" என்று இருப்பதால் வரியையும் சேர்த்துக் கேட்டேன், முழுவதும் கிடைத்தது. உறுப்பினராகச் சேரக் கட்டும் பணமோ புத்தகச் செலவோ இதில் சேராது. அவற்றையும் ஒரே கோரிக்கையில் சேர்த்தால் மொத்தமும் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். தேர்ச்சிக்கான ஊதிய உயர்வுக்கு எங்கள் வங்கியில் தனி விண்ணப்பம் உண்டு. கட்டணம் வந்துவிட்டது என்று அதை மறந்துவிடக் கூடாது.

பணம் சம்பளக் கணக்கில் வரவானபின், ஆம்பூர்க் கிளையில் இருக்கும் தோழி ஒருவர் தனக்கும் ஒரு தாளில் 46 என்று அழைத்தார். அவர் மூன்று தாள்களை முந்தைய முயற்சியிலேயே முடித்துவிட்டு, நான்காவதை மட்டும் இப்போது எழுதியிருந்தார். 45 விதி ஒரே முயற்சிக்கு மட்டுமே என்பதால் அவருக்கு அது பொருந்தாது. அந்தத் தாளில் 50 எடுத்த பிறகுதான் அவர் கோரிக்கை வைக்க முடியும் என்று சொல்ல வேண்டியிருந்தது. அதே கிளையின் இன்னொருவர் நான்கையும் சேர்த்து எழுதி, ஒன்றில் 48 எடுத்து, என்னைப் போலவே திருப்பி அனுப்பப்பட்டிருந்தார். விதிமுறைப் பக்கத்தையும் என் குறிப்பின் வாசகத்தையும் அவருக்கு அனுப்பினேன். அவருடைய கோரிக்கையும் ஏற்கப்பட்டுவிட்டது.