விலை எப்போது பேச்சில் வந்தது?

திருப்பூர் பனியன் ஏற்றுமதி நிறுவனங்களுக்கு, ஆர்டர், ஸ்டாக், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் ஈஆர்பி மென்பொருள் விற்கும் ஒரு சிறிய கம்பெனியில் வேலை பார்க்கிறேன். நான் விற்பவள் இல்லை. ஆர்டர் கிடைத்தாலும் போனாலும், முடிவு தெரிந்த பிறகு வாங்கியவரிடம் போய், ஏன் எங்களை எடுத்தீர்கள், ஏன் விட்டீர்கள் என்று கேட்டு எழுதி வருவது என் பொறுப்பு. வின்-லாஸ் பேட்டி என்று சொல்வோம். விற்றவரே இதைச் செய்யக் கூடாது. இரண்டு மாதம் வந்து போன ஒரு பையனின் முகத்தைப் பார்த்து "உங்க டெமோ சரியில்லை" என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

வாடிக்கையாளர் விவரங்களைப் பதிந்து வைக்கும் எங்கள் சிஆர்எம்மில், கைவிட்டுப் போன ஆர்டர்களுக்குக் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் பெரும்பாலும் 'விலை' என்றுதான் இருக்கும். விற்பனைக்காரர் பொய் எழுதுவதில்லை. வாங்குபவர் அவரிடம் உண்மையிலேயே அப்படித்தான் சொல்லியிருப்பார். வேண்டாம் என்பதை யார் மனமும் நோகாமல் சொல்ல விலையை விட வசதியான காரணம் கிடையாது. கேட்பவரும் அதற்கு மேல் எதுவும் கேட்க முடியாது.

அப்படி 'விலை' என்று பதிவான ஒரு ஆர்டரைப் பற்றிச் சொல்கிறேன். நாங்கள் 18 லட்சம் என்று கொட்டேஷன் கொடுத்திருந்தோம், எடுத்துக்கொண்ட கம்பெனி 14 லட்சம். பார்த்தவுடன் சந்தேகமே வராது. முடிவாகி ஒரு மாதம் கழித்து, ஷிப்மென்ட் நெருக்கடி இல்லாத வாரமாகக் கேட்டுக்கொண்டு, அந்த ஏற்றுமதியாளரைப் பார்க்கப் போனேன். விற்க வரவில்லை, முடிவை மாற்றச் சொல்லவும் வரவில்லை என்பதைப் போனிலேயே சொல்லிவிடுவேன். அதைச் சொல்லாவிட்டால் பேட்டி முழுக்க அவர் ஜாக்கிரதையாகவே பேசுவார்.

"ஏன் எங்களை எடுக்கலை" என்று கேட்டால் "வெலைதானுங்க, வேறொண்ணுமில்லைங்க" என்று அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஏன் என்று கேட்டால் மனிதர் யோசித்து ஒரு நியாயம் சொல்வார். எப்போது, அப்புறம் என்ன என்று கேட்டால் நடந்ததைச் சொல்வார். அதனால் நான் முதலிலிருந்து ஆரம்பிப்பேன். "சாஃப்ட்வேர் மாத்தணும்னு முதல்ல எப்பங்க தோணுச்சு?"

அவர் சொன்னது மென்பொருளைப் பற்றியே இல்லை. ஒரு சாயப்பட்டறையோடு வந்த தகராறைப் பற்றி. சாயமேற்றாத கிரே துணி ஆயிரம் கிலோ ஒரே லாட்டாகச் சாயத்துக்குப் போயிருக்கிறது. திரும்பி வரும்போது ஒரே தடவையில் வரவில்லை. முதலில் 400 கிலோ, அப்புறம் 350, கடைசியில் 190. மொத்தம் 940, அதாவது 60 கிலோ குறைவு. சாயம் போடும்போது எடை குறைவதற்கென்று பேசிக்கொண்ட கழிவு நான்கு சதவீதம், அதாவது 40 கிலோ. ஆக 20 கிலோ கணக்கில் வரவில்லை, பட்டறை பில்லில் கழிக்க வேண்டியது. ஆனால் துணியோடு வரும் டெலிவரி சலான், அதாவது டிசி, கடைசியாக வந்தபோது, அந்த 60 கிலோ இன்னும் பட்டறையில் கிடக்கும் பாக்கியா, கழிவா என்று ஸ்டோரில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. லாட் முடிந்தது என்று யாரும் குறிக்கவில்லை. பில்லுக்குப் பணம் போய்விட்டது. இப்படிப் பல லாட் இருப்பது வருடக் கடைசி ஸ்டாக் கணக்கில் தெரிந்திருக்கிறது. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய துணியை ஐடிசி-04 படிவத்தில் வேறு காட்ட வேண்டும். ஜிஎஸ்டி விதிப்படி அந்தத் துணி ஒரு வருடத்துக்குள் திரும்பியாக வேண்டும். ஆடிட்டரும் கேள்வி கேட்க ஆரம்பித்திருக்கிறார். அந்த வாரம்தான் புதிய மென்பொருள் தேட முடிவெடுத்தார்கள்.

அடுத்து டெமோ நாள். யார் யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் என்ன கேட்டார்கள் என்று கேட்டேன். முதலாளி, அவர் மகன், ஒரு மெர்ச்சண்டைசர், ஸ்டோர் பார்க்கும் அக்கா. எங்கள் ஆள் நெடுநேரம் முதலாளிக்கான டேஷ்போர்டைக் காட்டியிருக்கிறார். முடியும் நேரத்தில் ஸ்டோர் அக்கா ஒன்றே ஒன்று கேட்டார். "ஒரு லாட்டு மூணு தடவையா வந்தா எப்படிங்க போடறது?" எங்கள் ஆள், "அது கஸ்டமைஸ் பண்ணித் தந்துடலாம்" என்றார். அடுத்த கம்பெனிக்காரர் அதே கேள்விக்கு, "அந்த லாட்டோட டிசி மூணையும் குடுங்கக்கா" என்று வாங்கி, அங்கேயே மூன்று வரவையும் போட்டு, லாட்டை முடித்து, 20 கிலோ குறைவைத் திரையில் காட்டியிருக்கிறார்.

எனக்கு இன்றும் வருத்தம் தருவது இதுதான்: எங்கள் மென்பொருளில் அந்த வசதி ஏற்கெனவே இருந்தது. டெமோ காட்டியவருக்கு அது தெரியவில்லை. கஸ்டமைஸ் என்ற சொல்லை அந்த அறை எப்படிக் கேட்டது என்றும் தெரியவில்லை. "இல்லைன்னு சொல்றாங்க, பின்னாடி தனியா காசு கேப்பாங்கன்னு நெனச்சோம்" என்றார் முதலாளியின் மகன்.

பிறகுதான் கேட்டேன். "விலை எப்பங்க பேச்சுல வந்துச்சு?" ஏற்றுமதியாளர் கொஞ்சம் யோசித்தார். இரண்டு கொட்டேஷனும் ஒன்றாக வந்த கடைசி வாரத்தில் என்றார். அதற்குள் ஸ்டோர் அக்கா தன் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நாலு லட்சம் குறைவு என்பது ஏற்கெனவே எடுத்த முடிவுக்குக் கிடைத்த துணை. "எங்ககிட்ட குறைக்கச் சொல்லிக் கேட்டீங்களா?" "இல்லீங்க."

திருப்பூரில் பேரம் பேசாமல் நூல்கூட வாங்க மாட்டார்கள். பிடித்த பொருள் விலை கூடுதலாக இருந்தால், குறைக்கச் சொல்லி இரண்டு போனாவது வரும். போனே வராமல் விலை என்று காரணம் சொன்னால், அவர் மனம் அதற்கு முன்பே வேறு இடத்துக்குப் போய்விட்டது என்றே எடுத்துக்கொள்கிறேன். விலையே உண்மைக் காரணமாகவும் இருக்கும். அப்போது அது ஆரம்பத்திலேயே வரும். "பத்துக்கு மேல முடியாதுங்க" என்று முதல் சந்திப்பிலேயே ஒரு எண் சொல்லியிருப்பார், பேரமும் நடந்திருக்கும். கமிட்டி வைத்து, மூடிய உறையில் கொட்டேஷன் வாங்கும் பெரிய குழுமங்களில் இந்த அளவுகோல் செல்லாது. அங்கே பேரத்துக்கே இடமில்லை.

ஜெயித்த ஆர்டர்களையும் இதே மாதிரிக் கேட்க வேண்டும் என்று கம்பெனியில் சண்டை போட்டுத்தான் சம்மதம் வாங்கினேன். ஒரு வாடிக்கையாளர் எங்கள் காஸ்டிங் ரிப்போர்ட்டைப் பார்த்து எடுத்தார் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். கேட்டால், அவருடைய அக்கவுண்டன்ட் வேறொரு கம்பெனியில் இருந்தபோது, ஐடிசி-04 கடைசித் தேதியன்று எங்கள் சப்போர்ட் பையன் இரவு வரை உட்கார்ந்து கணக்கை நேர் செய்து கொடுத்திருக்கிறான். காஸ்டிங் ரிப்போர்ட்டை அவர்கள் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதைப் பெரிதாக்கிப் புதிய பிரசுரம் அச்சடிக்கக் கொடுக்கும் நேரத்தில் இது தெரிய வந்தது, நிறுத்தினோம்.

ஒரு பேட்டியை வைத்து எதையும் மாற்ற விடுவதில்லை. ஒருவர் கோபமாகச் சொன்னது மீட்டிங்கில் பெரிதாகக் கேட்கும், மறுநாளே மென்பொருளை மாற்றச் சொல்வார்கள். வேறு வேறு கம்பெனிகளில், வேறு வேறு வேலை பார்ப்பவர்கள் வாயிலிருந்து ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறதா என்று காத்திருக்க வேண்டும். பகுதி பகுதியாக வரும் லாட் அப்படித் திரும்ப வந்தது, அதுவும் ஸ்டோர் ஆட்களிடமிருந்து மட்டும். முதலாளியை மட்டும் பேட்டி எடுத்திருந்தால் அது காதிலேயே விழுந்திருக்காது. அதனால் இப்போது ஒவ்வொரு இடத்திலும் முடிவெடுத்தவரோடு, அதைத் தினமும் பயன்படுத்தப் போகிற ஒருவரையும் தனியாகக் கேட்கிறேன். முதலாளி பக்கத்தில் இருந்தால் ஸ்டோர் அக்கா எதற்கும் "நல்லாத்தான் இருந்துச்சுங்க" என்றுதான் சொல்வார்.

இப்போது டெமோவுக்கு முந்தின நாளே அவர்களுடைய பழைய டிசி மூன்றை வாங்கிவிட வேண்டும் என்பது எங்கள் விற்பனையில் விதி. சிஆர்எம்மில் 'விலை' என்று தேர்ந்தெடுத்தால் இன்னும் இரண்டு கட்டங்கள் திறக்கும்: விலை முதலில் எந்தச் சந்திப்பில் பேசப்பட்டது, குறைக்கச் சொல்லிக் கேட்டார்களா. இரண்டாவது கட்டத்தில் 'இல்லை' என்று வரும் ஆர்டர்களைத்தான் நான் முதலில் எடுத்துக்கொண்டு போன் செய்கிறேன்.