நேரத்துக்கு 2 மதிப்பெண் போட்டதால் திரும்பி வந்த குறிப்பு

கூட வேலை பார்ப்பவர் நடத்திய பயிற்சிக்கு நான் எழுதிக் கொடுத்த கருத்துக் குறிப்பு, ஒப்புதல் ஆகாமல் என் மேசைக்கே திரும்பி வந்தது. தயாரிப்பு, பங்கேற்பு, நேரம், பயன் என்று நாலு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண். நேரத்துக்கு நான் 2 போட்டிருந்தேன். பயன் என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். "எல்லாத்துக்கும் நாலு நாலா போட்டுக் குடுத்துடுங்க மேடம், இங்க வழக்கமே அதான்" என்றார் கோப்பு பார்ப்பவர். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. எல்லாருக்கும் நாலு என்றால் வயலுக்குப் போய் நின்று பார்த்து எதற்கு எழுத வேண்டும்?

பயிற்சி நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில். சம்பா நட்டவர்களுக்கு, எண் போட்ட பச்சைப் பட்டைகள் உள்ள இலை வண்ண அட்டையோடு நெல் இலையை ஒப்பிட்டுப் பார்த்து யூரியா போடச் சொல்லித் தருவது. நடத்தியவர் என்னைவிட இளையவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். கெட்டிக்காரர். அதனாலேயே ஒப்புக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை.

தயாரிப்புக்கு 4. மூன்று பேருக்கு ஓர் அட்டை வீதம் கொண்டு வந்திருந்தார். யார் எந்த ரகம் நட்டிருக்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்திருந்தார். அது முக்கியம். வெள்ளைப் பொன்னிக்கு அட்டையில் 3-ஆம் எண் பச்சைதான் எல்லை, சி.ஆர். 1009 போன்ற ரகங்களுக்கு 4. இலை அந்த எல்லையைவிட வெளுத்தால்தான் யூரியா. இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிட்டால் பொன்னிக்காரர் தேவையில்லாமல் யூரியாவை அள்ளிக் கொட்டுவார், அப்புறம் இலைச் சுருட்டுப் புழு, குலைநோய் என்று அலைவார். ஒரு மதிப்பெண் குறைத்தது வயலுக்காக. செய்முறைக்கு எடுத்த வயலில் நாலு நாள் முன்னால்தான் மேலுரம் வீசியிருக்கிறார்கள். வயல் முழுக்க ஒரே கரும்பச்சை. வெளுத்த இலை எப்படி இருக்கும் என்று காட்டவே வழியில்லை. "கடைசியா எப்ப யூரியா போட்டீங்க?" என்று வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். குறிப்பில் அந்தக் கேள்வியையே எழுதி வைத்தேன்.

பங்கேற்பில் அலுவலகம் பார்ப்பது வருகைப் பதிவேட்டுக் கையெழுத்தை. அதில் 41 இருந்தது. நான் எண்ணியது, இலையையும் அட்டையையும் கையில் பிடித்துத் தானே எண் சொன்னவர்களை. அவர்கள் 15 பேர்கூட இல்லை. நடவு வேலைக்குப் போகிற பெண்கள் பின்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்கள், அட்டை அவர்கள் கைக்குப் போகவே இல்லை. ஆனால் அன்றைக்கு வந்த நல்ல கேள்வி அங்கிருந்துதான் வந்தது. "வாய்க்கா ஓரம் பயிரு கருத்து நிக்குது, நடுவுல வெளுத்துக் கெடக்கு. எந்த எலையப் பாக்குறது?" அதற்கு அவர் தந்த பதிலை முழுசாக எழுதினேன்: ஒரே இடத்தில் நிற்காமல் வயலில் அங்கங்கே பத்துக் குத்தில், முழுதாக விரிந்த மேல் இலையைப் பார்க்க வேண்டும். இலையின் நடுப்பகுதியை அட்டைமேல் வைக்க வேண்டும். பத்தில் ஆறு எல்லைக்குக் கீழே இருந்தால்தான் யூரியா. தெளிவான பதில். 3 போட்டேன். அடுத்த முறை அட்டையை முதலில் பின்வரிசைக்குக் கொடுக்கச் சொன்னேன்.

தகராறு நேரத்தில்தான். ஒன்பதரைக்குத் தொடங்க வேண்டியது. சிறப்பு விருந்தினர் வரவில்லை என்று காத்திருந்து பத்தே முக்காலுக்குத் தொடங்கியது. அப்புறம் சால்வை, வரவேற்பு, படக்காட்சி. வயலில் இறங்கும்போது பன்னிரண்டரை. வேறு பயிற்சியாக இருந்தால் தாமதம் என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். இலை வண்ண அட்டைக்கு அது முடியாது. காலை எட்டிலிருந்து பத்துக்குள், வெயிலுக்கு முதுகு காட்டி, இலை நம் உடம்பின் நிழலில் இருக்கும்படி பிடித்துப் பார்க்க வேண்டிய அட்டை அது. நேர் வெயில் பட்டால் இலை வெளிறித் தெரியும். உச்சி வேளையில் நம் நிழல் காலடியிலேயே சுருங்கிவிடும், இலைமேல் விழாது.

அன்றைக்கு நடந்ததும் அதுதான். சி.ஆர். 1009 இலையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் 3 என்றார், பக்கத்தில் இருந்தவர் அதே இலையை 4 என்றார். நான் என் குடையை விரித்து அந்த இலைமேல் நிழல் பிடித்தேன். 3 என்றவரும் உடனே 4 என்றார். அந்த ரகத்துக்கு 3 என்றால் மூட்டையைப் பிரிக்கலாம், 4 என்றால் காத்திருக்கலாம். உரம் போட்டு நாலு நாளே ஆன வயலில் மறுபடி யூரியா போடச் சொல்லியிருக்கும் அந்த வெயில். இத்தனையையும் நேரத்தோடு குறிப்பில் எழுதிவிட்டேன்.

"விருந்தினர் லேட்டா வந்தா அவரு என்ன பண்ணுவாரு? அவரு மார்க்க ஏன் குறைக்கிறீங்க?" என்பது ஒருங்கிணைப்பாளரின் வாதம். நியாயமான கேள்விதான். ஆனால் மதிப்பெண் பயிற்சிக்கு, ஆளுக்கு இல்லை. காரணம் என்ற வரியில் தாமதம் யாரால் என்று பெயர் சொல்லாமல் தெளிவாக எழுதியிருந்தேன். அந்த வரியைச் சுட்டிக் காட்டிய பிறகுதான் 2 நின்றது. இப்படிக் குறிப்பு எழுதுகிறவர்கள் அங்கேயே கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். "தாமதமானது" என்று மட்டும் எழுதினால் அடித்துவிடுவார்கள். "பத்தே முக்கால்" என்று இருந்தால் அடிக்க முடியாது.

இன்னொன்று, கோப்பில் வைப்பதற்கு முன் குறிப்பைப் பயிற்சி நடத்தியவரிடமே காட்டிவிட்டேன். முகம் சுருங்கிவிட்டது. "அக்கா, விருந்தினர விட்டுட்டு நான் எப்படித் தொடங்க முடியும்?" என்றார். தொடங்க வேண்டாம், வரவேற்பை மத்தியானத்துக்குத் தள்ளு, எட்டரைக்கு எல்லாரையும் நேரே வரப்புக்கு வரச் சொல், விருந்தினர் வரும்போது வரட்டும் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவரே, "அப்ப வயக்காட்டுலயே டீ குடுத்துடலாம்க்கா" என்றார். மன்னார்குடிப் பக்கம் அவர் நடத்தப்போகும் பயிற்சியின் அழைப்பில் இப்போது வயல் முதலில், கூட்டம் பிறகு என்றுதான் அச்சாகியிருக்கிறது.

பயன் என்ற கட்டத்துக்கு இன்னும் போராட்டம். பயிற்சி முடிந்த அன்றே அதற்கு மதிப்பெண் போடுவது எனக்கு ஒப்பவில்லை. நட்ட 14-ஆம் நாளிலிருந்து பூக்கும் வரை, வாரத்துக்கு ஒரு முறை என்ற கணக்கில் பார்க்க வேண்டிய அட்டை அது. அடுத்த மேலுரத்தின்போது அதை எடுத்தார்களா என்று தெரியாமல் 3 என்றோ 5 என்றோ எதை வைத்துப் போடுவது? காலிக் கட்டம் கூடாது என்றதால், "மறு பார்வைக்குப் பின்" என்று எழுதித் தேதி போட்டுக் கொடுத்தேன். முனகிக்கொண்டே வாங்கிக்கொண்டார்கள்.

மறுபடி போனபோது சில வீடுகளில் அட்டை உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. ஆனால் அந்த வாய்க்கால் ஓரக் கேள்வி கேட்ட அம்மா, பக்கத்து வீட்டு அட்டையை வாங்கிப் போய்க் காலையிலேயே பார்த்திருக்கிறார். வெளுத்துக் கிடந்த நடுப்பகுதிக்கு மட்டும் யூரியா வீசினாராம், வாய்க்கால் ஓரத்தை விட்டுவிட்டாராம். பயனுக்கு 3 போட்டு, அந்த அம்மா கைக்கு ஓர் அட்டை தர வேண்டும் என்று கீழே எழுதினேன். அட்டை இன்னும் அவருக்குப் போய்ச் சேரவில்லை.