அந்தக் குட்டி 6

1.42 × 10⁶. அதற்குக் கீழேயே 1.38 × 10⁷.

கறந்த பாலில் மி.லி.க்கு எத்தனை பாக்டீரியா என்று என் மாணவி குறிப்பேட்டில் போட்ட அட்டவணை. ஒரே பால் மாதிரி, இரண்டு தட்டுகள். சராசரி 7.6 × 10⁶ என்று போட்டு, அதற்குக் கீழே கோடும் போட்டாகிவிட்டது. நானும் முதலில் தாண்டிப் போய்விட்டேன், ஏனென்றால் கண் 1.42, 1.38 என்று மட்டும் படிக்கிறது, மேலே தொங்கும் குட்டி எண்ணை யார் பார்க்கிறார்கள்!

பழைய பக்கத்தைப் புரட்டினால் 142 காலனி, 138 காலனி. இரண்டுமே பத்தாயிரம் மடங்கு நீர்த்தது. அப்புறம் எப்படிப் பத்து மடங்கு வித்தியாசம் வரும்?

"தட்டில் எவ்வளவு ஊற்றினாய்?"

"0.1 மி.லி. மேடம்... ஐயோ."

அதேதான். 142-ஐ 10⁴-ஆல் பெருக்கியவள், ஊற்றியது ஒரு மி.லி. அல்ல, அதில் பத்தில் ஒரு பங்கு என்பதை மறந்துவிட்டாள். இரண்டாவது தட்டுக்கு மட்டும் நினைவு வந்திருக்கிறது. இரண்டிலும் மறந்திருந்தால் அட்டவணை அழகாக ஒத்துப்போயிருக்கும், எனக்கும் சந்தேகமே வந்திருக்காது.

சரியான சராசரி 1.40 × 10⁷.

குறிப்பேட்டில் எதையும் அழிக்கக் கூடாது என்பதால், 6-ஐ ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் 7 எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வைத்தாள். 6 இன்னும் தெளிவாகத் தெரிகிறது.